புளியமுத்துத் தாயம்: எட்டு மட்டும் ஏன் இப்படிக் கொட்டுது?

வளவுவீட்டான் | 4 மே 2024, இரவு 8.50

லீவுக்கு வந்திருக்க பிள்ளைகளுக்குத் தார்சாவுல சாக்பீஸ்ல கட்டம் போட்டு, நாலு புளியமுத்தை ஒரு பக்கம் உரசிக் குடுத்திருக்கோம். அஞ்சுக்கு அஞ்சு கட்டம், நாலு பேரு, ஆளுக்கு நாலு காய். ஒரு வெள்ளை விழுந்தா தாயம். ரெண்டு வெள்ளை ரெண்டு, மூணு வெள்ளை மூணு, நாலும் வெள்ளைன்னா நாலு, நாலும் கறுப்புன்னா எட்டு.

மொத ரெண்டு நாள் ஆட்டம் ஒழுங்கா போச்சு. இப்ப எட்டா கொட்டுது, நாலு விழவே மாட்டேங்கு. நாலும் வெள்ளையா விழுறதும் நாலும் கறுப்பா விழுறதும் ஒண்ணுதானே? யாரும் கள்ள ஆட்டம் ஆடலை, நான் பக்கத்துலயேதான் இருக்கேன். முத்துல கோளாறா, தரையில கோளாறா?

பாளைப் பையன் | 4 மே, இரவு 9.15

முத்துதான். உரசினா ஒரு பக்கம் எடை குறையும். எடை கூடின பக்கம் தரையைப் பாக்கும், குறைஞ்ச பக்கம் மேல வரும். இதுல கேக்க என்ன இருக்கு?

வளவுவீட்டான் | 4 மே, இரவு 9.22

தம்பி, நீங்க சொல்லுத மாதிரின்னா வெள்ளை மேல வரணும். நாலுல்லா கொட்டணும்? இங்க எட்டுல்லா கொட்டுது.

பாளைப் பையன் | 4 மே, இரவு 9.24

ஆமா. அப்ப தெரியலை.

சென்னையில நெல்லை | 4 மே, இரவு 10.40

எங்க வீட்டுல பித்தளைத் தாயக்கட்டை. அதுல எட்டே கிடையாதே? ரெண்டு கட்டையும் வெறும் பக்கம் விழுந்தா பன்னெண்டு. எட்டு எப்படி வந்துச்சு, யாரோ புதுசா சட்டம் போட்டிருக்காங்க போல.

அம்பை அத்தை | 5 மே, காலை 6.10

சென்னைத் தம்பி, அது கட்டைக் கணக்கு, இது முத்துக் கணக்கு. நாலு முத்துன்னா எல்லாம் கவுந்தா எட்டு. ஆறு முத்துன்னா எல்லாம் கவுந்தா பன்னெண்டு. சோழி போட்டு ஆடுத வீட்டுலயும் இதேதான். புதுச் சட்டம் ஒண்ணுமில்ல.

வளவுவீட்டான், ரெண்டு விஷயம் சொல்லுங்க. முத்தை எம்புட்டு உரசியிருக்கீங்க? தோல் மட்டும் போயிருக்கா, உள்ள பருப்பும் தேஞ்சிருக்கா? இன்னொண்ணு, நடுவுல திரும்ப உரசினீங்களா?

வளவுவீட்டான் | 5 மே, காலை 9.05

திரும்ப உரசினோம் அத்தை, ரெண்டு மட்டம். பிள்ளைக கையில எண்ணெயும் வேர்வையும், வெள்ளை மஞ்சளாகி அப்புறம் பழுப்பாயிருச்சு. தூரத்துல இருந்து பாத்தா எது வெள்ளை எது கறுப்புன்னு சண்டை. அதான் முத்தத்துச் சிமிண்டுல வச்சு நல்லா தேச்சுட்டேன். இப்ப பளிச்சுன்னு இருக்கு. பருப்பு பாதி போயிருக்கும்.

அம்பை அத்தை | 5 மே, காலை 9.40

அதான் காரணம்.

முழு முத்துக்கு ரெண்டு பக்கமும் லேசா புடைப்பு இருக்கும். எந்தப் பக்கம் விழுந்தாலும் கொஞ்சம் ஆடித்தான் நிக்கும். ஒரு பக்கம் தோலை மட்டும் எடுத்தா அந்தப் புடைப்பு கொஞ்சம் தட்டையாகும், அம்புட்டுதான். நீங்க பாதிப் பருப்பு வரைக்கும் தேச்சதுல ஒரு பக்கம் பலகை மாதிரி ஆயிருச்சு, மறுபக்கம் கூன் அப்படியே இருக்கு. பலகைப் பக்கம் தரையில பட்டா ஒட்டி உக்காந்துரும். கூன் பக்கம் பட்டா ஆடும், உருளும், ஓரத்துல ஏறிப் புரளும். புரண்டு பலகைப் பக்கம் வந்தா அங்கயே நின்னுக்கும், திரும்பப் புரளாது. பலகைப் பக்கம்தான் வெள்ளை. அது தரையோட போனா மேல தெரியுதது கறுப்பு.

பாளைத் தம்பி எடைன்னு ஆரம்பிச்சது பாதி சரி. ஒரு பக்கம் உரசினா முத்து மாறும்ங்கது உண்மை. ஆனா இதுல எடையை விட வடிவம்தான் பேசும்.

பாளைப் பையன் | 5 மே, காலை 10.02

பாதி சரின்னு சொன்னதுக்கு நன்றி அத்தை, மீதியை நான் கேக்கலை :)

கணக்கு சார் | 5 மே, பிற்பகல் 2.30

அத்தை சொன்னதை எண்ணுல வச்சுப் பாத்தேன். கேள்விக்குப் பதில் அங்கயே கிடக்கு.

நாலு முத்தும் யோக்கியமான முத்துன்னா, வெள்ளையும் கறுப்பும் சரிபாதி. நாலு முத்து விழ மொத்தம் 16 வழி. அதுல ஒரே ஒரு வெள்ளை வர 4 வழி, ரெண்டு வெள்ளை வர 6, மூணு வெள்ளை வர 4, நாலும் வெள்ளை 1, நாலும் கறுப்பு 1. அதாவது நாலும் எட்டும் ரெண்டும் 16 போடுக்கு ஒரு தடவை. வளவுவீட்டான் "ஒண்ணுதானே"ன்னு கேட்டது இந்தக் கணக்குப்படி சரி.

இப்ப ஒவ்வொரு முத்தும் பத்துக்கு நாலு தடவைதான் வெள்ளை காட்டுதுன்னு வைங்க. பாக்க ரொம்பச் சின்ன வித்தியாசம், ஒத்தை முத்தை உருட்டிப் பாத்தா கண்டுபிடிக்கவே முடியாது. ஆனா நாலு சேர்ந்தா கதை வேற. 100 போடுல எட்டு 13 தடவை விழும், நாலு வெறும் ரெண்டு மூணு தடவை. நாலை விட எட்டு அஞ்சு மடங்கு! கொஞ்சூண்டு கோணல் நாலு முத்துல ஒண்ணோட ஒண்ணு பெருகி அங்க வந்து நிக்குது.

இதுல இன்னொரு சாட்சி இருக்கு. இதே கோணலுக்குத் தாயமும் கூடணும். 100க்கு 25 விழ வேண்டியது 34, 35 விழும். மூணு குறையணும், 25லேர்ந்து 15க்கு வந்துரும். வளவுவீட்டான், காய் இறங்குறதும் சுளுவா ஆயிருக்கா?

வளவுவீட்டான் | 5 மே, மாலை 6.20

சார், அதை நான் சொல்லவே இல்லையே! ஆமா. மொத நாள் தாயம் விழாம ஒருத்தி அழுதா. இப்ப எல்லாரும் ரெண்டாவது மூணாவது சுத்துலயே காய் இறக்கிருதாங்க. நான் பிள்ளைகளுக்குக் கை பழகிருச்சுன்னு நினைச்சேன்.

கணக்கு சார் | 5 மே, மாலை 6.45

கை பழகலை, முத்துதான் பழகிருச்சு.

சந்தேகம் தீரணும்னா ஒரு முத்தை 50 தடவை குலுக்கிப் போட்டு வெள்ளையை எண்ணுங்க. 25 பக்கத்துல வந்தா நல்ல முத்து.

கணக்கு சார் | 5 மே, இரவு 8.10

மேல சொன்னதைத் திருத்துதேன். 50 பத்தாது. யோக்கியமான முத்தே 50 போடுல 18ல இருந்து 32 வரைக்கும் எங்க வேணா நிக்கும். கோணல் முத்து 20 காட்டும், அதுவும் அந்த எல்லைக்குள்ளதான் இருக்கு. ஒண்ணும் தெரியாது.

நாலு முத்தையும் சேர்த்து 50 தடவை போட்டா 200 விழுப்பு. வெள்ளையை மொத்தமா கூட்டுங்க. 86க்கும் 114க்கும் நடுவுல வந்தா குறை சொல்ல முடியாது. 80 பக்கம் போனா முத்து கோணல். நாலுக்கும் கறுப்புப் பக்கத்துல கத்தி முனையால ஒரு கோடு, ரெண்டு கோடுன்னு அடையாளம் கீறி வச்சு எழுதினா எந்த முத்து ரொம்ப மோசம்னும் ஒரு தோராயம் கிடைக்கும். ஆனா தனித்தனி எண்ணை ரொம்ப நம்பாதீங்க, காரணம் மேல சொன்னதுதான்.

ஏரல் செல்வி | 5 மே, இரவு 9.30

கொட்டையைப் பரப்பி ஊதி, ஊதுனதுல தனியா பிரிஞ்சதை மத்தது அசையாம எடுக்கணுமே, அந்த ஆட்டத்துக்குத்தான் புளியங்கொட்டை. தாயத்துக்கு எங்க பக்கம் சோழிதான். சோழின்னா இந்தத் தேய்மானத் தொல்லையே கிடையாதே, ஏன் இம்புட்டுப் பாடு?

அம்பை அத்தை | 6 மே, காலை 6.00

சோழியும் சரிபாதி விழாது செல்வி. அதுக்கும் ஒரு பக்கம் கூன், ஒரு பக்கம் வாய். ஆனா நீங்க சொல்லுதது ஒண்ணு நெசம்: சோழி நேத்து எப்படி விழுந்துச்சோ இன்னைக்கும் அப்படியே விழும், முத்து தேயத் தேயக் குணம் மாறும். முத்து ஆட்டத்துல சங்கடமே இதுதான். அழுக்காகும், உரசுவோம், மெலியும், இன்னும் கவுரும். வெள்ளை பளிச்சுன்னு ஆக ஆக ஆட்டம் கெட்டுப்போகும்.

வளவுவீட்டான் | 6 மே, காலை 11.50

எண்ணியாச்சு. பிள்ளைகளுக்கு இதே பெரிய விளையாட்டாப் போச்சு. 50 போடு, மொத்த வெள்ளை 76. தனித்தனியா 22, 20, 21, 13. இந்தப் பதிமூணு எதுன்னு எடுத்துப் பாத்தா அது உரசின முத்தே இல்ல. ஒரு முத்து காணாமப் போச்சுன்னு யாரோ பாதியா பிளந்த முத்தைச் சேத்துருக்காங்க. அரைப் பருப்பு, ஒரு பக்கம் வெறும் பலகை.

அதை மட்டும் மாத்தினாப் போதுமா?

கணக்கு சார் | 6 மே, பிற்பகல் 1.15

போதாது. அதைத் தள்ளிட்டா மீதி மூணுக்கும் சேர்த்து 150க்கு 63. நூத்துக்கு 42. அதுவும் கோணல் பக்கம்தான் சாயுது. நாலையும் மாத்துங்க. ஒரு முத்து புதுசு, மூணு பழசுன்னு கலந்தா எதுல குறைன்னு அப்புறம் பிடிபடாது.

அம்பை அத்தை | 6 மே, மாலை 4.20

புதுசா செய்யுததுன்னா மொதல்ல பொறுக்குததுலயே பாதி வேலை முடிஞ்சுரும். மாசி பங்குனியில புளி தட்டின முத்து இன்னும் வீட்டுல கிடக்கும், அதுல ஒரு கைப்பிடி அள்ளுங்க. தண்ணில அலசி, புளி ஒட்டு போக தேச்சு, நிழல்ல காய வைங்க. வண்டு ஓட்டை போட்டது வேண்டாம், உள்ள அரிச்சிருந்தா எடை ஒரு பக்கம் போயிரும். வறுத்ததும் ஊறினதும் வேண்டாம், தோல் பிதுங்கிக்கிட்டு நிக்கும். உருண்டை முத்து ஓடிக்கிட்டே இருக்கும், ரொம்பச் சப்பை முத்து புரளாது. நடுத்தரமா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி புடைப்பு உள்ளதா ஏழெட்டு எடுத்து, ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்து ஒரே அளவுல நாலைப் பிரிங்க. மிச்சம் மாத்து முத்து.

உரசுததுக்குச் சொரசொரப்பான கருங்கல் நல்லது. அம்மியில உரசாதீங்க, பருப்பு மாவு கொத்து இடுக்குல ஏறி மறுநாள் துவையல்ல வரும், அடுக்களையில இருந்து அடியும் வரும். தண்ணி தொடவே கூடாது. புளியமுத்துப் பருப்புல பசை இருக்கு, தறிக்காரங்க பாவுக்குக் கஞ்சி போட அதைத்தான் காய்ச்சுவாங்க. ஈரம் பட்டா கொழகொழன்னு கையை விட்டு வழுக்கும், அப்புறம் காஞ்சதும் தூசியெல்லாம் அதுல ஒட்டும்.

ரெண்டு விரலால பிடிச்சு, நேரா முன்னும் பின்னும் உரசாம, சின்ன வட்டமா உரசுங்க. நேரா இழுத்தா ஒரு ஓரம் மட்டும் சரிஞ்சு தேயும். முத்து சூடாகும், அப்ப கொஞ்சம் நிறுத்துங்க. அந்தச் சூட்டோட பக்கத்துல இருக்கவன் தொடையில வைக்கத்தான் பிள்ளைக கை போகும், அதைப் பாத்துக்கங்க. தோல் போய் நடுவுல வெள்ளை வட்டம் தெரிஞ்சதும் நிறுத்திரணும். ஓரம் வரைக்கும் வெள்ளை வேணும்னு ஆசைப்பட்டாத்தான் பலகை ஆயிரும். நடுவுல ஒரு மிளகு அகலத்துக்கு ரெண்டு பங்கு வெள்ளை இருந்தா நாலு பேருக்கும் தெரியும்.

பாளைப் பையன் | 6 மே, மாலை 5.05

அத்தை, ஒரு யோசனை. ரெண்டு பக்கமும் ஒரே அளவு உரசிட்டு, ஒரு பக்கத்துக்கு மட்டும் கறுப்பு மார்க்கர் பூசினா? ரெண்டு பக்கமும் ஒரே தட்டை, கோணலுக்கு இடமே இல்லையே.

அம்பை அத்தை | 6 மே, மாலை 5.30

இது சரியான யோசனை தம்பி, இந்த மட்டம் முழுசா சரி. மை பருப்புல இறங்கிப் பிடிச்சுக்கும். கைப்பட்டு வெளுத்தா திரும்பப் பூசலாம், உரச வேண்டாம். ஆனா முத்து மெலிசா போயிருமே, ஓரத்துல நிக்கப் பாக்கும். தோல் மட்டும் எடுத்துட்டுப் பூசுங்க. எனக்கு என்னமோ தோல் கறுப்பு பளபளன்னு தெரியுத அந்த முத்துதான் முத்து. அது என் பிடிவாதம்.

சென்னையில நெல்லை | 6 மே, இரவு 10.15

நான் போட்ட கேள்விக்கும் கணக்கு சார் ஒரு கணக்குச் சொல்லக்கூடாதா? கட்டையில ஒரு பக்கம் ஒண்ணு, ஒரு பக்கம் ரெண்டு, ஒரு பக்கம் மூணு, ஒரு பக்கம் வெறுமை. தாயம் விழாம உயிர் போகுது.

கணக்கு சார் | 7 மே, காலை 7.20

ரெண்டு கட்டைக்கும் சேர்த்து 16 வழி. தாயம் வர ஒரு கட்டை ஒண்ணும் மறுகட்டை வெறுமையும் விழணும், அதுக்கு ரெண்டே வழி. எட்டுல ஒண்ணு. நாலு முத்துல நாலுல ஒண்ணு, கட்டையில அதுல பாதி. நீங்க ஆறு முத்துக்கு மாறினா இன்னும் மோசம், 64ல 6. பத்துல ஒண்ணு கூட வராது. சீக்கிரம் காய் இறங்கணும்னா நாலு முத்துக்கு வாங்க, ஆனா அதுக்குக் கட்டம் அஞ்சுக்கு அஞ்சுதான் தோது. பெரிய கட்டத்துல நாலு முத்தை வச்சு நடந்தா விடிஞ்சிரும்.

ஏரல் செல்வி | 7 மே, காலை 10.00

கணக்கு எல்லாம் சரி. எட்டு கூட விழுந்தா என்ன போச்சு? எல்லாருக்கும்தானே விழுது?

கணக்கு சார் | 7 மே, காலை 10.45

நல்ல கேள்வி, இதை நான் விட்டுட்டேன். கட்டத்தை எண்ணிப் பாருங்க. உங்க பக்கத்து மலையில காய் இறங்குது. வெளிச்சுத்துல 15 அடி, உங்க மலைக்கு முந்தின கட்டம் வரைக்கும். அங்க இருந்து உள்ள திரும்பி எதிர்த்திசையில 8 அடி, அப்புறம் நடுக்கட்டம் 1. ஆக 24 அடியில பழம். எட்டு ஒண்ணு விழுந்தா மூணுல ஒரு பங்கு வழி போச்சு. எட்டுக்கு மறுபடி போடலாம்னு வேற சட்டம். அடுத்தடுத்து மூணு எட்டுன்னா ஒரே மூச்சுல பழம், எதிராளி ஒரு தடவை கூட முத்தைத் தொடாம.

எல்லாருக்கும் விழுதுன்னாலும், பின்னாடி வந்து வெட்டுததுக்கு இடமே இல்லாம ஆயிருது. காய் ஒண்ணு ரெண்டுன்னு நகந்தாத்தான் மலையில ஒதுங்குதது, காத்திருக்குதது, வெட்டுததுன்னு ஆட்டம் இருக்கும்.

அம்பை அத்தை | 7 மே, பிற்பகல் 12.10

அதுக்குத்தான் மூணு எட்டு அடுத்தடுத்து விழுந்தா மூணும் செல்லாதுன்னு எங்க பக்கம் வச்சிருக்கு. ஒரு வெட்டாவது வெட்டாம உள்சுத்துல நுழைய முடியாதுன்னும் ஒண்ணு.

ஏரல் செல்வி | 7 மே, பிற்பகல் 12.25

மூணு எட்டு விழுந்தா கொண்டாட்டம், செல்லாதுன்னா அநியாயம். வெட்டு இல்லாம நுழையக்கூடாதுங்கதை ஒத்துக்கிடுதேன்.

அம்பை அத்தை | 7 மே, பிற்பகல் 12.40

உங்க வீட்டு முத்தத்துல உங்க சட்டம் செல்வி.

வளவுவீட்டான் | 9 மே, இரவு 8.00

புது முத்து செஞ்சாச்சு, தோல் மட்டும் எடுத்தது. 50 போடுல 94 வெள்ளை. நாலு மூணு தடவை விழுந்துச்சு, எட்டு நாலு தடவை. தாயத்துக்குத் திரும்பவும் அழுகை ஆரம்பிச்சாச்சு.

இப்பப் புதுச் சண்டை ஒண்ணு. சின்னவன் கையைக் குலுக்காம, உள்ளங்கையில வெள்ளையை மேல வச்சுக்கிட்டு அப்படியே தரையோட வழிச்சு விடுதான். மூணு, நாலுன்னு விழுது. இதுக்கு என்ன செய்ய?

அம்பை அத்தை | 9 மே, இரவு 8.30

ரெண்டு கையையும் பொத்திக் குலுக்கி, ஒரு சாண் உயரத்துல இருந்து விடணும். தரையை உரசி விட்டா அந்தப் போடு செல்லாது. செவுத்துல சாஞ்சு நின்னாலும், முத்து மேல முத்து ஏறி நின்னாலும் அதுவும் செல்லாது, நாலையும் எடுத்து மறுபடி போடணும். ஒண்ணை மட்டும் எடுத்துப் போடவிடாதீங்க, அதுல ஒரு வித்தை இருக்கு.

பாளைப் பையன் | 9 மே, இரவு 8.50

சாணி மெழுகின தரையில இந்த வழிச்சு விடுத வேலையே நடக்காது, முத்து அப்படியே நிக்கும். அங்க கூன் பக்கமும் லேசா அமுங்கி உக்காரும்னு நினைக்கேன். அப்ப கவுரும்ங்கற கோணலும் குறையணுமே அத்தை?

அம்பை அத்தை | 9 மே, இரவு 9.05

குறையலாம். எங்க வீட்டுல எல்லாம் சிமிண்டு ஆயிருச்சு. மெழுகின தரை யார் வீட்டுல இருந்தாலும் 200 விழுப்பு எண்ணிப் போடுங்க.

சென்னையில நெல்லை | 11 மே, காலை 9.30

நாலு முத்துக்கு மாறியாச்சு. அஞ்சுக்கு அஞ்சு கட்டம் எம்புட்டுப் பெருசு போடணும்? டைல்ஸ் தரை, சாக்பீஸ் ஒட்டவே மாட்டேங்கு.

வளவுவீட்டான் | 11 மே, காலை 10.10

ஒரு கட்டத்துக்கு நாலு விரக்கடை அகலம் வச்சுக்கங்க. மலையில நாலு பேர் காயும் சேந்து உக்காரணும்லா, அதை விடச் சின்னதா போட்டா ஒண்ணை எடுக்கப் போய் ரெண்டு நகந்துரும். சாக்பீஸை ஒரு நிமிசம் தண்ணில முக்கி எடுத்துக் கோடு போடுங்க. போடும்போது மங்கலா இருக்கும், காஞ்சதும் வெள்ளையா எழும்பும், காலு பட்டாலும் சீக்கிரம் கலையாது. டைல்ஸ்ல அதுவும் நிக்கலைன்னா பழைய காலண்டர் அட்டையைத் திருப்பிப் போட்டு அதுல வரைங்க. முத்தை மட்டும் அட்டை மேல போடாதீங்க, காயெல்லாம் சிதறிரும். பக்கத்துல வெறும் தரையில போடுங்க.